கார்பன் தடம்: எதை அளக்கிறது, எதை விட்டுவிடுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்பன் தடம் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஒரு பொருளோ பயணமோ ஆளோ கம்பெனியோ நாடோ, எதை எடுத்துக்கொண்டாலும், அதன் பேரில் காற்றில் கலந்த பசுமை இல்ல வாயுக்களின் மொத்தக் கணக்கு. கிலோவிலோ டன்னிலோ சொல்வார்கள்.

இதில் "அதன் பேரில்" என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். எரிபொருளில் எவ்வளவு கார்பன் இருக்கிறது என்பது தெரியும், அதனால் இந்த எண்ணில் யாருக்கும் தகராறு கிடையாது. அந்த 2.3 கிலோவை யார் பேரில் எழுதுவது என்பதில்தான் தகராறு. வண்டி ஓட்டியவர் பேரிலா, பின்னால் இருந்த சரக்கின் பேரிலா, சரக்கை ஆர்டர் செய்தவர் பேரிலா? தடம் என்று நாம் பார்க்கும் எண்ணில் பாதி இயற்பியல், பாதி கணக்குப்பிள்ளை வேலை. இந்த இரண்டாவது பாதியைப் பற்றித்தான் கீழே அதிகம் பேசப்போகிறோம்.

கார்பன் என்கிறார்கள், ஆனால் மீத்தேனும் மற்றதும் உள்ளே வருகிறதே?

வருகிறது. கார்பனே இல்லாத நைட்ரஸ் ஆக்சைடுகூட வருகிறது. உரம் போட்ட வயலிலிருந்து கிளம்பும் வாயு அது. எல்லாவற்றையும் ஒரே அலகில் கூட்ட வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு வாயுவும் எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாக வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்று ஒரு மாற்று எண்ணை வைத்துப் பெருக்குகிறார்கள். லேபிள்களில் CO2e என்று இருக்கும், அந்தக் கடைசி எழுத்து இந்தப் பெருக்கலைத்தான் குறிக்கிறது. ஆரம்ப காலத்தில் கார்பன் டை ஆக்சைடை மட்டும் எண்ணினால் போதும் என்று வாதிட்ட ஆய்வாளர்களும் உண்டு. அந்த வாதம் நிற்கவில்லை. ஆனால் CO2 என்று மட்டும் போட்ட எண்ணைப் பார்த்தால் மற்ற வாயுக்கள் உள்ளே இருக்கின்றனவா என்று ஒரு தரம் கேட்டுக்கொள்வது நல்லது.

இது ஒரு எண்ணெய் கம்பெனி கண்டுபிடித்த சொல் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. தடம் என்ற கருத்து கனடாவிலிருந்து வந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் ரீஸ் 1992இல் சூழலியல் தடம் என்ற கருத்தை முன்வைத்தார். அவருடைய மாணவர் மத்திஸ் வாக்கர்நாகல் அதை ஒரு முழுக் கணக்கு முறையாக வளர்த்தார். அதில் தடம் என்பது நிலப்பரப்பு. நாம் சாப்பிடுவது விளைய எவ்வளவு நிலம், மரம் வளர எவ்வளவு நிலம், நாம் விடும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்ச எவ்வளவு காடு என்று ஹெக்டேரில் கணக்குப் போட்டார்கள். கார்பன் என்பது அந்தக் கணக்கில் ஒரு வரிதான், பெரிய வரி என்றாலும்.

அந்த ஒரு வரியைத் தனியே உருவி எடுத்து, ஹெக்டேரைக் கழற்றிவிட்டு, கிலோவை மாட்டியதுதான் இன்றைய கார்பன் தடம். அந்தச் சொல் 2000க்கு முன்பே அங்கங்கே புழங்கியது. ஆனால் அதை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்ததில் பிபி எண்ணெய் நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஒகில்வி விளம்பர நிறுவனத்தின் துணையோடு நடந்த அதன் விளம்பர இயக்கம் "உங்கள் கார்பன் தடம் என்ன?" என்று மக்களைக் கேட்டது. 2004இல் ஆளாளுக்குக் கணக்குப் பார்த்துக்கொள்ள ஒரு கால்குலேட்டரையும் வெளியிட்டார்கள்.

விளம்பரத்தின் சாமர்த்தியம் எங்கே இருக்கிறது என்றால், அந்த "உங்கள்" என்பதில். எரிபொருளைத் தோண்டி எடுத்து விற்றவர் பேரில் எழுதினாலும் கணக்கு சரிதான், எரித்தவர் பேரில் எழுதினாலும் சரிதான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது மட்டும்தான் கணக்கு என்பது போலப் பழக்கிவிட்டார்கள். அதற்காக அளவுகோலே பொய் என்று தூக்கி எறிந்துவிட முடியாது. விஞ்ஞானிகள் அதை விளம்பரத்துக்கு முன்னும் பயன்படுத்தினார்கள், பின்னும் பயன்படுத்துகிறார்கள்.

ஒரு பொருளின் தடத்தை உண்மையில் எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு அதையே கடைசிவரை பார்ப்போம். கடையிலிருந்து வீட்டுக்குச் சாமான் கொண்டுவரும் பை. இதைப் பற்றி இரண்டு அரசு ஆய்வுகள் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகின்றன: இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்டது ஒன்று, டென்மார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018இல் வெளியிட்டது இன்னொன்று.

முதல் வேலை, எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று முடிவு செய்வது. "ஒரு பை" என்று எடுத்துக்கொண்டால் பயனில்லை, ஏனென்றால் ஒரு பை கிழிவதற்கு முன் எவ்வளவு வேலை செய்யும் என்பது பைக்குப் பை மாறும். அதனால் செய்து முடிக்க வேண்டிய வேலையை முதலில் எழுதுவார்கள். இங்கிலாந்து ஆய்வில் அது ஒரு மாதச் சாமான், மொத்தம் 483 பொருட்கள், கடையிலிருந்து வீடு வந்து சேர வேண்டும். டென்மார்க் ஆய்வில் ஒரு தடவை வாங்கும் சாமான்: 22 லிட்டர் கொள்ளளவு, 12 கிலோ எடை.

அடுத்தது எல்லை. மூலப்பொருளிலிருந்து தொடங்கி ஆலை, லாரி, கடை, வீடு, குப்பைவரை எதெல்லாம் உள்ளே, எதெல்லாம் வெளியே என்று கோடு போட வேண்டும். கோட்டுக்குள் வந்த ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு மின்சாரம், எவ்வளவு டீசல், எவ்வளவு உரம் என்று ஒரு பட்டியல். அந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரியையும் அதற்கான உமிழ்வு எண்ணால் பெருக்கிக் கூட்டினால் தடம். கணிதம் அவ்வளவுதான், பள்ளிக்கூடப் பெருக்கல்.

இங்கிலாந்து ஆய்வில் வந்த விடை பலரைத் தூக்கிவாரிப் போட்டது. மெல்லிய பிளாஸ்டிக் பையை ஒரே தடவை பயன்படுத்தி எறிந்தால், அதன் தடத்துக்கு ஈடுகட்ட ஒரு பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்த வேண்டும். காரணம் மர்மம் ஒன்றும் இல்லை. அந்த பிளாஸ்டிக் பையின் எடை 8 கிராம் அளவு, பருத்திப் பை 180 கிராம் சுற்றி. அதோடு பருத்திக்கு உரம் வேண்டும், நூற்கவும் நெய்யவும் மின்சாரம் வேண்டும்.

ஒரு இடத்தில் 131 என்கிறார்கள், இன்னொரு இடத்தில் 52, வேறொரு இடத்தில் 20,000. எது சரி?

எல்லாமே சரி. கேள்விதான் ஒவ்வொன்றிலும் வேறு. இந்த எண்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் கார்பன் தடத்தின் உள்வேலை முழுக்கத் தெரிந்துவிடும்.

முதலில் 131. வீட்டுக்கு வந்த மெல்லிய பையைக் குப்பைத் தொட்டிக்கு உறையாகப் போடுகிறவர்கள் உண்டு. அப்படிப் போட்டால் தனியாகக் குப்பை உறை வாங்குவது மிச்சம், அந்த மிச்சத்தை பையின் கணக்கில் வரவாக வைக்கலாம். நூற்றுக்கு 40 பைகள் அப்படிப் போகின்றன என்று எடுத்துக்கொண்டபோது 131 என்பது 173 ஆனது. எல்லாப் பைகளும் அப்படிப் போகின்றன என்றால் 327. பருத்திப் பையில் எந்த மாற்றமும் இல்லை. எதிரில் இருக்கும் பையை வீட்டில் என்ன செய்கிறார்கள் என்ற ஊகம் மட்டும் மாறியது, எண் இரண்டரை மடங்கு ஆகிவிட்டது.

டென்மார்க்கில் 52 வந்ததற்குக் காரணம், அங்கே எதிரில் நிறுத்தப்பட்டது வேறு பை. அந்த நாட்டுக் கடைகளில் வழக்கமாகக் கொடுக்கும் தடிமனான பிளாஸ்டிக் பை. அதன் சொந்தத் தடமே பெரியது, அதனால் பருத்திப் பை அதைச் சீக்கிரம் எட்டிப் பிடித்துவிடுகிறது.

இப்போது அதே ஆய்வில் வரும் இயற்கை விவசாயப் பருத்திப் பை. அதற்குக் கார்பன் கணக்கில் 149 தடவை. இயற்கை விவசாயம் மூன்று மடங்கு மோசமா என்று கேட்கத் தோன்றும். கணக்கைத் திறந்து பார்த்தால் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, இயற்கை முறையில் விளைச்சல் 30 சதவீதம் குறைவு என்று எடுத்துக்கொண்டார்கள். அப்படியென்றால் அதே பருத்திக்கு 1.43 மடங்கு பாடு. இரண்டு, அவர்கள் கையில் எடுத்த இயற்கைப் பருத்திப் பை 22 லிட்டருக்குக் கொஞ்சம் சிறியது. சாமான் முழுக்கப் பிடிக்காது என்பதால் ஒன்றுக்குப் பதில் இரண்டு பைகள் என்று எழுதிவிட்டார்கள். 52ஐ 1.43 ஆல் பெருக்கி, மறுபடி 2 ஆல் பெருக்குங்கள், 149 வந்து நிற்கும். ஆக, அந்த மூன்று மடங்கில் பெரிய பங்கு விவசாயத்துடையது அல்ல, தையல் அளவுடையது. கொஞ்சம் பெரிதாகத் தைத்த பையை எடுத்திருந்தால் எண் 75க்கு வந்திருக்கும்.

மிச்சம் 20,000. அதோடு 7,100 என்று இன்னொரு எண்ணும் வரும். இவை கார்பன் எண்களே அல்ல. டென்மார்க் ஆய்வு தட்பவெப்பத்தோடு நிற்காமல் நீர், அமிலமாதல், நச்சுத்தன்மை என்று பல அளவுகோல்களையும் பார்த்தது. எல்லா அளவுகோலிலும் பருத்திப் பை ஜெயிக்க எத்தனை தடவை வேண்டும் என்று கேட்டால் சாதாரணப் பருத்திக்கு 7,100, இயற்கைப் பருத்திக்கு 20,000. அந்தப் பெரிய எண்ணை உண்டாக்கியது ஒரே ஒரு அளவுகோல், ஓசோன் படலச் சிதைவு. செய்தித் தலைப்புகளில் இந்த விவரம் எதுவும் வரவில்லை, 20,000 மட்டும் வந்தது.

அப்போ பிளாஸ்டிக் பைதான் பூமிக்கு நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா?

வெப்பமாதலை மட்டும் பார்த்தால், பருத்திப் பையைப் பத்துத் தடவை தூக்கிவிட்டு மூலையில் போடுகிறவருக்கு ஆம். அதற்கு மேல் கார்பன் தடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது.

சாக்கடையில் அடைத்துக்கொண்ட பிளாஸ்டிக் பையும், ஒழுங்காகச் சேகரித்துப் புதைத்த பையும் கார்பன் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிளாஸ்டிக் மட்காது என்பதால் அதற்குள் இருக்கும் கார்பன் வெளியே வருவதில்லை, அதனால் தெருவில் கிடக்கும் பைக்கு இந்தக் கணக்கில் தண்டனையே இல்லை. சொல்லப்போனால் முறையாக எரித்து மின்சாரம் எடுத்தால்தான் புகையாக எண் ஏறும். டென்மார்க் ஆய்வு, தங்கள் நாட்டில் குப்பையாகச் சிதறுவது மிகக் குறைவு என்று சொல்லி அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவர்கள் அதை மறைக்கவில்லை, அறிக்கையில் எழுதியே வைத்திருக்கிறார்கள். குப்பை சேகரிப்பு சரியில்லாத இடத்துக்கு அந்த முடிவை அப்படியே கொண்டுபோகிறவர்கள்தான் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நிலத்தடி நீர் வற்றுவது, பூச்சிமருந்து, அழிந்துபோகும் உயிரினங்கள், ஆலைத் தொழிலாளியின் நுரையீரல் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அவை கிலோ கணக்கில் கார்பனாக மாறாது. கார்பன் எண்ணில் குறைந்து வரும் ஒரு பொருள் இவற்றில் எதிலாவது மிக மோசமாக இருக்கலாம், எண்ணைப் பார்த்து உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

மீத்தேனுக்கு ஒரு இடத்தில் 30 மடங்கு, ஒரு இடத்தில் 80 மடங்கு என்று போடுகிறார்கள். ஏன்?

எத்தனை வருஷத்துக்குப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. மீத்தேன் காற்றில் பத்துப் பன்னிரண்டு வருஷம்தான் இருக்கும், ஆனால் இருக்கும்வரை கடுமையாகச் சூடேற்றும். கார்பன் டை ஆக்சைடின் ஒரு பகுதி பல நூற்றாண்டு நின்று வேலை செய்யும். 100 வருஷத்துக்குச் சராசரி எடுத்தால் மீத்தேனின் ஆரம்பச் சூடு நீர்த்துப்போகும். ஐநாவின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஆறாவது மதிப்பீட்டு அறிக்கைப்படி, நிலக்கரி, எரிவாயு போன்ற இடங்களிலிருந்து வரும் மீத்தேனுக்கு 100 வருஷக் கணக்கில் 29.8, 20 வருஷக் கணக்கில் 82.5.

இது சிறு விவரம் மாதிரி தெரியும், ஆனால் யார் ஜெயித்தார் என்பதையே மாற்றிவிடும். இரண்டு பொருட்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவது 10 கிலோ கார்பன் டை ஆக்சைடை மட்டும் விடுகிறது. இரண்டாவது 6 கிலோ கார்பன் டை ஆக்சைடும் 100 கிராம் மீத்தேனும் விடுகிறது. 100 வருஷக் கணக்கில் இரண்டாவதன் தடம் 6 கூட்டல் 3, அதாவது 9 கிலோ. முதலாவதைவிடக் குறைவு. 20 வருஷக் கணக்கில் 6 கூட்டல் 8.25, அதாவது 14.25 கிலோ. இப்போது முதலாவதுதான் நல்லது. எந்த அளவீட்டிலும் பிழை இல்லை.

உலக வழக்கம் 100 வருஷம். அறிவியல் அதைக் கட்டாயப்படுத்தவில்லை, எல்லோரும் ஒரே எண்ணைப் பயன்படுத்தட்டும் என்ற ஏற்பாடு அது. இயற்கை எரிவாயு, கால்நடை, நெல் வயல், குப்பைமேடு, இந்த நான்கில் எதைப் பற்றிய தடத்தைப் பார்த்தாலும் எத்தனை வருஷக் கணக்கு என்று கேட்காமல் விடாதீர்கள். நிலக்கரியை விட்டு எரிவாயுவுக்கு மாறினால் எவ்வளவு நன்மை என்ற சண்டையில் பெரும்பகுதி, வழியில் எவ்வளவு கசிகிறது என்பதிலும் இந்த வருஷக் கணக்கிலும்தான் நடக்கிறது.

விறகை எரித்தால் தடம் பூஜ்யம் என்கிறார்களே, புகை வரத்தானே செய்கிறது?

வருகிறது. ஒரே அளவு வெப்பத்துக்கு இயற்கை எரிவாயுவைவிட அதிகமாகவே கார்பன் டை ஆக்சைடு வருகிறது. அப்புறம் எப்படிப் பூஜ்யம்?

நாடுகள் தங்கள் உமிழ்வை எழுதும்போது, மரம் வெட்டப்பட்ட உடனேயே அதன் கார்பனை நிலப் பயன்பாடு என்ற தலைப்பில் செலவாக எழுத வேண்டும். அதே மரத்தை எரிக்கும்போது மறுபடி எழுதினால் இரட்டைக் கணக்கு ஆகும் என்பதால், எரிசக்தித் தலைப்பில் பூஜ்யம் போடுகிறார்கள். இதுவரை நியாயம். சிக்கல் என்னவென்றால், ஒரு கம்பெனியோ ஒரு பொருளோ தன் தடத்தை எழுதும்போது அந்தப் பூஜ்யம் மட்டும் வந்து சேர்கிறது, மரம் வெட்டிய இடத்து வரி வேறு யாருடைய ஏட்டிலோ தங்கிவிடுகிறது. சில சமயம் வேறு நாட்டு ஏட்டில். முறையான அறிக்கைகளில் உயிர்மக் கார்பன் என்று தனியாக ஒரு வரி காட்ட வேண்டும். அந்த வரி மொத்தத்தில் சேராது என்பதால் யாரும் கீழே இறங்கிப் படிப்பதில்லை.

வெட்டிய இடத்தில் மரம் மறுபடி வளர்ந்து அதே கார்பனை உறிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் எரிவது ஒரு மணி நேரம், வளர்வது பல பத்தாண்டு. சாதாரணத் தடக் கணக்கில் காலம் என்ற பத்தியே கிடையாது, இன்று விட்டதும் நாற்பது வருஷம் கழித்து உறிஞ்சப் போவதும் ஒன்றையொன்று கழித்துவிடும்.

காடழிப்பிலும் இதே மாதிரி ஒரு இடுக்கு இருக்கிறது. காட்டை அழித்து விளைநிலமாக்கினால் அந்த உமிழ்வை 20 வருஷத்துக்குப் பங்கிட்டு விளைபொருளின் தலையில் ஏற்றுவது வழக்கம். பிரிட்டனின் பாஸ் 2050 என்ற பொருள் தட விதிமுறை 2008இல் வந்தபோதே இப்படித்தான் இருந்தது. 21வது வருஷம் அதே நிலத்தில் விளைந்த அதே பொருளின் தடத்திலிருந்து காடு காணாமல் போய்விடுகிறது.

எல்லாப் பொருளின் மேலும் கார்பன் எண்ணை அச்சிட்டுவிட்டால் என்ன?

முயன்று பார்த்தார்கள். பிரிட்டனின் டெஸ்கோ கடைகள் 2007இல் தாங்கள் விற்கும் 70,000 பொருட்களுக்கும் கார்பன் லேபிள் ஒட்டப்போவதாக அறிவித்தன. ஒவ்வொரு பொருளுக்கும் குறைந்தது சில மாத வேலை பிடித்தது, மற்ற கடைகளும் பின்னால் வரவில்லை. 2012இல் கைவிட்டார்கள்.

இதெல்லாம் இல்லாமல் இருந்தாலும், மேலே பை விஷயத்தில் பார்த்தது இங்கேயும் உதைக்கும். ஒரே ஆள் ஒரே ஊகங்களோடு கணக்குப் போட்டால் இரண்டு பொருட்களை ஒப்பிடலாம். வெவ்வேறு ஆட்கள் போட்ட எண்களை அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து 310 கிராம் நல்லதா 340 கிராம் நல்லதா என்று பார்ப்பது, என் கருத்தில், பயனில்லாத வேலை. அந்த 30 கிராம் வித்தியாசம் பொருளில் இருக்கிறதா, ஊகத்தில் இருக்கிறதா என்று லேபிளைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரே பொருளின் தடத்தைப் பிரித்து, எந்தப் படியில் எண் குவிகிறது என்று உற்பத்தி செய்கிறவர் பார்ப்பதற்கு இந்த அளவுகோல் அருமையாக உதவும். அதற்கு எண் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை, பெரியது எது சின்னது எது என்று தெரிந்தால் போதும்.

ஒரு கம்பெனி தன் மின்சாரத் தடம் பூஜ்யம் என்கிறது. அதே கட்டடம், அதே மின்கம்பி. எப்படி?

கம்பெனிகளின் கணக்குக்கு ஜிஹெச்ஜி புரோட்டோகால் என்ற விதிமுறை இருக்கிறது, முதல் பதிப்பு 2001இல் வந்தது. அதில் மூன்று வட்டங்கள். சொந்தக் கொதிகலனிலும் வண்டியிலும் எரிப்பது முதல் ஸ்கோப், வாங்கும் மின்சாரம் இரண்டாவது, வாங்கும் மூலப்பொருளும் விற்ற பொருளின் பயன்பாடும் உட்பட மற்றதெல்லாம் மூன்றாவது.

2015இல் வந்த வழிகாட்டுதல், மின்சாரத்தை இரண்டு விதமாகக் கணக்கிட்டு இரண்டையும் காட்டச் சொல்கிறது. ஒரு கம்பெனி வருஷத்துக்கு 10 லட்சம் யூனிட் வாங்குகிறது, அந்தப் பகுதி மின்தொகுப்பில் யூனிட்டுக்குச் சராசரியாக அரைக் கிலோ உமிழ்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். இடம் சார்ந்த கணக்கில் 500 டன். இப்போது அந்தக் கம்பெனி எங்கோ ஓடும் ஒரு பழைய நீர்மின் நிலையத்தில் இத்தனை யூனிட் பசுமை மின்சாரம் உற்பத்தியானது என்று சொல்லும் சான்றிதழ்களை 10 லட்சம் யூனிட்டுக்கு வாங்குகிறது. சந்தை சார்ந்த கணக்கில் பூஜ்யம். மீட்டரும் கம்பியும் அப்படியே இருக்கின்றன, அணையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடுதலாக விழவில்லை. விளம்பரத்தில் பூஜ்யம் வரும், 500 அறிக்கையின் பின்பக்கத்தில் இருக்கும். சான்றிதழ் எல்லாமே வீண் என்று சொல்லவில்லை, புதிதாக ஒரு காற்றாலை கட்டப்படக் காரணமான நீண்டகால ஒப்பந்தம் வேறு ரகம். ஆனால் இரண்டும் தடத்தில் ஒரே பூஜ்யமாகத்தான் விழும்.

மூன்றாவது ஸ்கோப்பைப் பற்றி ஒரு வரி: எரிபொருள் விற்கிறவருக்கு மொத்தத் தடத்தில் பெரும்பகுதி அதற்குள்தான் இருக்கும். முதல் இரண்டை மட்டும் குறைத்ததாகச் சொன்னால் விஷயம் புரிந்துவிடும்.

ஆன்லைன் கால்குலேட்டரில் என் தடத்தைப் போட்டேன். மூன்று தளம், மூன்று எண். எதை நம்புவது?

சமையல் எரிவாயு, மின்சாரம், வண்டிக்குப் போட்ட எரிபொருள், இந்த மூன்றில் எண்கள் பக்கத்தில் பக்கத்தில் வரும், ஏனென்றால் நீங்கள் அளவையே கொடுக்கிறீர்கள். மற்ற இடங்களில்தான் விலகும்.

பல கால்குலேட்டர்கள் துணி, பொருள், சேவைக்கெல்லாம் எவ்வளவு செலவு செய்தீர்கள் என்று கேட்டு, அந்தத் துறையில் ஒரு ரூபாய்க்கு இவ்வளவு உமிழ்வு என்ற சராசரியால் பெருக்குகின்றன. பத்து வருஷம் உழைக்கும் நல்ல சட்டையை இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கினால் உங்கள் தடமும் இரண்டு மடங்கு ஆகிவிடும். பேரம் பேசி விலையைக் குறைத்தால் தடம் குறையும். நாட்டுக்கு மொத்தக் கணக்குப் போட இந்த முறை சரிவரும், ஒரு சட்டைக்கு வராது.

விமானத்தில் இன்னொரு காரணம். உயரத்தில் விமானம் விட்டுச் செல்லும் வெண்கோட்டு மேகங்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் தனியாகச் சூடேற்றுகின்றன. சில கால்குலேட்டர்கள் இதை விட்டுவிடும். பிரிட்டன் அரசு வெளியிடும் உமிழ்வு எண்களில் 2023 முதல் இதற்காக 1.7 ஆல் பெருக்குகிறார்கள், அதற்கு முன் 1.9. ஒரே பயணத்துக்கு இரண்டு தளத்தில் ஏறத்தாழ இரட்டிப்பு வித்தியாசம் கண்டால் பெரும்பாலும் இதுதான். இருக்கையின் வகுப்பையும் பாருங்கள், அகலமான இருக்கை பிடிக்கும் தரைப்பரப்புக்குத் தக்கபடி விமானத்தின் எரிபொருளில் அதிகப் பங்கை அதன் தலையில் எழுதுவார்கள்.

நான் ஏறாவிட்டாலும் அந்த விமானம் பறக்கத்தானே போகிறது? அப்புறம் என் தடம் எப்படிக் குறைந்தது?

நல்ல கேள்வி, கார்பன் தடம் பதில் சொல்லாத கேள்வியும் இதுதான். தடம் என்பது நடந்து முடிந்த உமிழ்வைப் பங்கு பிரிப்பது. விமானம் எரித்த மொத்த எரிபொருளை ஏறியவர்களுக்குள் பிரிக்கிறார்கள். நீங்கள் ஏறவில்லை, உங்கள் பங்கு போய்விட்டது, மற்றவர்களின் பங்கு கொஞ்சம் கூடிவிட்டது. வானத்தில் அன்றைக்கு மாறியது உங்கள் எடைக்கான சொற்ப எரிபொருள் மட்டும்.

"நான் இதைச் செய்தால் உலகத்தின் உமிழ்வு எவ்வளவு மாறும்?" என்பது வேறு கேள்வி, அதற்கு வேறு கணக்கு முறையும் இருக்கிறது. வாழ்க்கைச் சுழற்சி ஆய்வு செய்கிறவர்கள் முதலாவதைப் பங்கீட்டு முறை என்றும் இரண்டாவதை விளைவு முறை என்றும் பிரித்துப் பேசுவார்கள். விளைவு முறையில் சந்தை உள்ளே வரும். ஏறாத பயணிகள் சேரச் சேர ஒரு கட்டத்தில் நிறுவனம் வாரத்துக்கு ஒரு விமானத்தைக் குறைக்கும். உங்கள் ஒரு இருக்கை அந்தக் கட்டத்தைத் தாண்டவைக்கும் வாய்ப்பு சின்னது, தாண்டினால் நிற்கும் உமிழ்வு பெரியது. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் பல சமயம் உங்கள் பங்குக்குப் பக்கத்திலேயே ஒரு எண் வரும். சில சமயம் வராது: காலியான இருக்கையை நிறுவனம் மலிவாக விற்று வேறொருவரை ஏற்றிவிட்டால் விளைவு சுருங்கிவிடும்.

மின்சாரத்தில் இந்த இரண்டு கேள்விகளுக்கும் இடைவெளி இன்னும் பெரிது. உங்கள் பகுதித் தொகுப்பில் பாதி நீர்மின்சாரம் என்றால் சராசரித் தடம் குறைவாக வரும். ஆனால் மாலையில் நீங்கள் கூடுதலாக ஒரு யூனிட் இழுக்கும்போது அணை ஏற்கெனவே முழு அளவில் ஓடிக்கொண்டிருக்கலாம், அந்த ஒரு யூனிட்டுக்காக முடுக்கிவிடப்படுவது நிலக்கரி உலையாக இருக்கலாம். அப்போது சராசரிக் கணக்கில் அரைக் கிலோ, உண்மையில் கூடியது ஒரு கிலோ அளவுக்கு. எந்த நேரத்தில் துணி துவைக்கும் இயந்திரத்தைப் போடலாம் என்று முடிவெடுக்க இரண்டாவது எண் வேண்டும், பில்லோடு வரும் தடம் முதலாவதைத்தான் காட்டும்.